வீஸ் தளத்தில் ‘செல்லாது’ என்று வந்த இத்தாலிய வாட் எண்

கேள்வி: அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உள்ள எங்கள் நிறுவனம் முதல் முறையாக இத்தாலியிலிருந்து பேக்கிங் இயந்திரத்துக்கான உதிரி பாகங்களை வாங்குகிறது. மொத்தம் 18,400 யூரோ. அதில் 40 சதவீதம் முன்பணமாகக் கேட்கிறார்கள். புரொஃபார்மா இன்வாய்ஸில் உள்ள வாட் எண்ணை ஐரோப்பிய ஆணையத்தின் தளத்தில் போட்டால் செல்லாது என்று வருகிறது. சப்ளையர் போலியா? பணம் அனுப்பலாமா? முதலாளிக்கு என்ன பதில் சொல்வது?

பதில்:

வணக்கம். அந்த ஒரு விடையை வைத்து அவர்களைப் போலி என்று சொல்ல முடியாது. அதே தளம் ‘செல்லும்’ என்று காட்டியிருந்தாலும், அதை மட்டும் நம்பிப் பணம் அனுப்புங்கள் என்று நான் சொல்லியிருக்க மாட்டேன். இப்போதைக்கு 7,360 யூரோவை நிறுத்தி வையுங்கள். இத்தாலிய வரித்துறையின் தளத்தில் கட்டணமில்லாமல் செய்யக்கூடிய இன்னொரு சோதனை இருக்கிறது. உங்கள் கேள்விக்கு உண்மையில் விடை சொல்லக்கூடியது அதுதான். அதற்குப் பிறகு வங்கிக் கணக்கைப் பற்றிய ஒரு சரிபார்ப்பு மிச்சமிருக்கும்.

முதலில் திரையில் வந்த வாசகத்தை முழுவதுமாகப் படித்துப் பாருங்கள். VIES என்று பெயர் காட்டும் அந்தத் தளம், நாம் பேச்சில் வீஸ் என்கிறோமே, அது வெறுமனே எண் தவறு என்று சொல்வதில்லை. அங்கே வருவது இந்த வாசகம்:

```
No, invalid VAT number for cross border transactions within the EU
```

அதாவது ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு இடையிலான வணிகத்துக்கு இந்த எண் செல்லாது என்பதுதான் செய்தி. அந்த எண்ணே இல்லை என்று அது சொல்லவில்லை. வீஸ் தன்னிடம் பட்டியல் எதையும் வைத்திருப்பதில்லை. நீங்கள் இத்தாலியைத் தேர்ந்தெடுத்து எண்ணை இட்டதும், அந்தக் கேள்வியை இத்தாலிய வரித்துறையின் கணினிக்கு அனுப்பி, அங்கிருந்து வரும் விடையை அப்படியே உங்களுக்குக் காட்டுகிறது. கேட்கப்படும் கேள்வியும் குறுகலானது: இந்த எண்ணுக்கு உரியவர், வேறோர் உறுப்பு நாட்டில் உள்ள வணிகருக்கு வரி வசூலிக்காமல் விற்கவும் அவரிடமிருந்து வாங்கவும் இன்றைய தேதியில் பதிவு பெற்றவரா? பிரான்ஸிலோ ஆஸ்திரியாவிலோ இருந்து வாங்குபவருக்கு இந்த விடையில் வரிப் பணமே அடங்கியிருக்கிறது. சென்னையிலிருந்து வாங்கும் உங்களுக்கு அப்படியொன்றும் இல்லை.

நம் ஊரில் ஜிஎஸ்டி தளத்தில் ஒரு எண்ணைத் தேடிப் பழகியவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ஜிஎஸ்டி எண் செல்லாது என்றால் அந்த வணிகர் பதிவிலேயே இல்லை, அல்லது பதிவு ரத்தாகிவிட்டது என்று நேரடியாகப் பொருள் கொள்ளலாம். உங்கள் உள்ளீட்டு வரி வரவும் அதோடு போய்விடும். இத்தாலிய எண் உங்கள் வரவைத் தொடுவதே இல்லை. சரக்கு சென்னைத் துறைமுகத்தில் இறங்கும்போது நீங்கள் செலுத்தும் ஐஜிஎஸ்டி, பில் ஆஃப் என்ட்ரியின் பேரில்தான் உங்களுக்கு வரவாகிறது. அதில் சப்ளையரின் வாட் எண்ணுக்கு வேலை கிடையாது. ஆகவே உங்களைப் பொறுத்தவரை இந்தச் சோதனை எதிரில் இருப்பவர் யார் என்பதை உறுதிசெய்து கொள்வதற்காக மட்டுமே. வரியைப் பற்றிய ஒரு விடையை அடையாளத்தைப் பற்றிய விடையாக எடுத்துக்கொண்டதுதான் இங்கே நடந்திருக்கும் குழப்பம்.

இத்தாலியில் இந்தக் குழப்பம் அதிகம் நேர்வதற்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது. அங்கு வணிகம் தொடங்கும் ஒவ்வொருவருக்கும் பார்த்தீதா ஈவா எனப்படும் 11 இலக்க வாட் எண் கிடைத்துவிடுகிறது. புரொஃபார்மாவின் அடியில் P.IVA என்று அச்சிடப்படுவது அதுதான். ஆனால் அந்த எண் வீஸில் தெரிய வேண்டுமானால், பிற உறுப்பு நாடுகளோடு வணிகம் செய்யப்போவதாக அந்த வணிகர் தனியாக விருப்பம் தெரிவித்திருக்க வேண்டும். அப்படித் தெரிவித்தவரும் நிரந்தரமாக அதில் இருப்பதில்லை. உறுப்பு நாடுகளுடனான கொள்முதல், விற்பனை பற்றிய சுருக்கப் பட்டியலைத் தொடர்ந்து நான்கு காலாண்டுகள் தாக்கல் செய்யாதவர், இனி அத்தகைய வணிகம் செய்யும் எண்ணமில்லாதவர் என்று சட்டம் கருதிக்கொள்கிறது. வரித்துறை அறிவிப்பு அனுப்பிவிட்டு அவரை அதிலிருந்து நீக்கிவிடலாம். உள்நாட்டு ஆலைகளுக்கும், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே துருக்கி, இந்தியா போன்ற நாடுகளுக்கும் மட்டுமே இயந்திர பாகங்கள் விற்கும் ஒரு பட்டறையை எண்ணிப் பாருங்கள். அவர்களுக்கு வீஸில் இருக்க வேண்டிய தேவையே கிடையாது. முப்பது ஆண்டுகளாக நேர்மையாகத் தொழில் நடத்துபவராக இருந்தாலும் அவர்களுடைய எண் அங்கே செல்லாது என்றுதான் காட்டும். ஸ்பெயினிலும் இதேபோல் உள்நாட்டுப் பதிவு வேறு, ஒன்றியத்துக்குள் வணிகம் செய்வதற்கான பதிவு வேறு.

இனி உங்கள் புரொஃபார்மாவை எடுத்துக்கொள்வோம். அடுத்த தளத்துக்குப் போவதற்கு முன் எண் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது, ஏனெனில் அச்சுப் பிழையும் அதே விடையைத்தான் கொடுக்கும். நாட்டை வேறொரு கட்டத்தில் தேர்ந்தெடுப்பதால் எண்ணுக்கான கட்டத்தில் 11 இலக்கங்களை மட்டும் இடுங்கள். முன்னால் உள்ள IT என்ற எழுத்துகளை எண்ணோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சில புரொஃபார்மாக்களில் இரண்டு எண்கள் இருக்கும். C.F. என்பது வரிசெலுத்துவோரின் அடையாளக் குறியீடு, P.IVA என்பது வாட் எண். பெரும்பாலான கம்பெனிகளுக்கு இரண்டும் ஒன்றாகவே இருக்கும். தனிநபர் நடத்தும் பட்டறையாக இருந்தால் முன்னது எழுத்தும் எண்ணும் கலந்த 16 குறிகளாக இருக்கும், அது வீஸுக்கு உதவாது.

இந்த 11 இலக்கங்களில் முதல் ஏழு வணிகருக்கு உரியவை. அடுத்த மூன்று, எண்ணை வழங்கிய அலுவலகம் எந்த மாகாணத்தைச் சேர்ந்தது என்பதைக் காட்டுபவை. எடுத்துக்காட்டாக 015 என்றால் மிலான். நிறுவனம் பின்னர் ஊர் மாறினாலும் எண் மாறாது, ஆகவே மாகாணக் குறியீடும் முகவரியும் பொருந்தவில்லை என்று பதற வேண்டியதில்லை. கடைசி இலக்கம் சரிபார்ப்பதற்காகச் சேர்க்கப்படுவது. அதைக் கையாலேயே கணக்கிடலாம். உங்கள் எண்ணை நீங்கள் எழுதவில்லை என்பதால், யாருக்கும் சொந்தமில்லாத மாதிரி எண்ணாக 12345678903 என்பதை வைத்துக்கொள்வோம். ஒற்றைப்படை இடங்களில் உள்ள 1, 3, 5, 7, 9 ஆகியவற்றைக் கூட்டினால் 25. இரட்டைப்படை இடங்களில் உள்ள 2, 4, 6, 8, 0 ஆகியவற்றை இரட்டிப்பாக்கினால் 4, 8, 12, 16, 0 என்று வரும். 9-ஐத் தாண்டுபவற்றிலிருந்து 9-ஐக் கழித்தால் 4, 8, 3, 7, 0, அவற்றின் கூட்டல் 22. இரண்டையும் சேர்த்தால் 47. அடுத்த பத்தின் மடங்கான 50-க்கு இன்னும் 3 தேவை. எண்ணின் கடைசி இலக்கமும் 3. எனவே எண் கணக்கில் பொருந்துகிறது. யாரோ தட்டச்சு செய்யும்போது கடைசி இரண்டையும் இடம் மாற்றி 12345678930 என்று அடித்திருந்தால், முதல் பத்து இலக்கங்களின் கூட்டுத்தொகை 53 ஆகி, கடைசி இலக்கம் 7 என்று இருந்திருக்க வேண்டும். 0 இருப்பதால் பிழை உடனே வெளிப்பட்டுவிடும்.

உங்கள் எண் இந்தக் கணக்கில் தோற்றால் மேற்கொண்டு எதையும் தேட வேண்டாம். எண்ணைத் திருத்தி அனுப்புமாறு கேளுங்கள். எண் பொருந்தினால், அது அச்சுப் பிழையில்லை என்ற அளவுக்கு மட்டும் நம்பலாம். எண்ணை இட்டுக்கட்டுபவருக்கும் இந்தக் கணக்கு தெரிந்திருக்கக்கூடும்.

அடுத்து, நீங்கள் பார்த்தது உண்மையிலேயே ‘செல்லாது’ என்ற விடைதானா என்பதையும் உறுதிசெய்யுங்கள். வீஸ் கேள்வியைக் கடத்தும் இடைத்தளம் என்பதால் அந்தந்த நாட்டின் கணினி ஓய்வில் இருக்கும்போது விடை வராது; அப்போது திரையில் அந்த நாட்டின் சேவை கிடைக்கவில்லை என்ற பொருளில் வேறொரு வாசகம் தோன்றும். நமக்கும் இத்தாலிக்கும் கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நான்கரை மணி நேரமும் வித்தியாசம். நீங்கள் காலை ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் உட்கார்ந்து தேடும்போது அங்கே விடிந்திருக்காது. கணினிப் பராமரிப்பு வேலைகள் நடக்கக்கூடிய நேரம் அது. ஐயம் இருந்தால் மதிய உணவுக்குப் பிறகு மீண்டும் ஒருமுறை இட்டுப் பாருங்கள்.

இந்த வேறுபாடு, கையால் தேடுபவரைவிட நிரல் எழுதிச் சோதிப்பவர்களைத்தான் அதிகம் ஏமாற்றுகிறது. உங்கள் நிறுவனத்தில் பின்னர் யாராவது சப்ளையர் பட்டியல் முழுவதையும் இயந்திரம் மூலம் சோதிக்க முற்பட்டால் இந்த முகவரி அவர்களுக்குப் பயன்படும்:

```
https://ec.europa.eu/taxation_customs/vies/rest-api/ms/IT/vat/12345678903
```

திரும்பி வரும் விடையில் `isValid` என்ற புலத்தை மட்டும் படிக்கக் கூடாது. அந்த நாட்டின் கணினி விடையளிக்காதபோதும் அதில் `false` என்றே வரும். பக்கத்தில் உள்ள `userError` என்ற புலத்தில் `INVALID` என்று இருந்தால்தான் எண் செல்லாது. `MS_UNAVAILABLE` என்றோ `TIMEOUT` என்றோ இருந்தால் விடையே கிடைக்கவில்லை என்று கொண்டு மீண்டும் கேட்க வேண்டும்.

இப்போது உங்கள் சிக்கலைத் தீர்க்கும் இடத்துக்கு வருவோம். அஜென்ட்சியா டெல்லே என்ட்ராத்தே என்ற இத்தாலிய வரித்துறை, எவரும் உள்நுழையாமலே வாட் எண்ணைச் சோதிக்கும் வசதியைத் தன் தளத்தில் வைத்திருக்கிறது. தேடுபொறியில் `Verifica partita IVA Agenzia delle Entrate` என்று தட்டினால் கிடைக்கும். தளத்தின் பெயர் `agenziaentrate.gov.it` என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டே உள்ளே செல்லுங்கள். இதே சோதனையைச் செய்து தருவதாகச் சொல்லிக் கட்டணம் கேட்கும் தனியார் தளங்களும் அதே தேடலில் வரும். எண்ணையும், படத்தில் தெரியும் எழுத்துகளையும் இட்டால், அந்த எண் நடப்பில் உள்ளதா, இடைநிறுத்தப்பட்டதா, மூடப்பட்டதா என்ற விடை வரும். உரியவரின் பெயரும் தொழில் தொடங்கிய தேதியும் உடன் வரும். இத்தாலிய மொழியில் முறையே `attiva`, `sospesa`, `cessata` என்ற சொற்களைத் தேடுங்கள். இங்கே கேட்கப்படுவது ஒன்றியத்துக்குள் வணிகம் செய்யும் தகுதி அல்ல. அந்த எண் இத்தாலியில் உயிரோடு இருக்கிறதா என்பதுதான். நீங்கள் வீஸிடம் கேட்க நினைத்த கேள்வியும் இதுவே.

இங்கே வரும் விடைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். நடப்பில் உள்ளது என்று வந்து, பெயரும் புரொஃபார்மாவின் தலைப்பில் உள்ள பெயரும் ஒன்றாக இருந்தால், வீஸ் காட்டியது மேலே சொன்ன விருப்பப் பதிவு இல்லாத நிலை மட்டுமே. உங்கள் முதலாளியிடம் அதைத் தயங்காமல் சொல்லலாம். மூடப்பட்டது என்று வந்தால் அந்த நிறுவனம் வேறொன்றோடு இணைந்திருக்கலாம், பழைய தாளில் புரொஃபார்மாவை அச்சிட்டிருக்கலாம், அல்லது செத்துப்போன நிறுவனத்தின் பெயரை யாரோ பயன்படுத்தலாம். எதுவாக இருந்தாலும் நடப்பு எண்ணுடன் புதிய புரொஃபார்மா வராமல் பணம் போகக் கூடாது. எண் கிடைக்கவே இல்லை என்று இத்தாலிய வரித்துறையே சொன்னால், அப்போதுதான் ‘போலி’ என்ற சொல்லைப் பயன்படுத்தத் தொடங்கலாம். இன்னொரு நிலையும் உண்டு: 2019 முதல் இத்தாலியில் ஒரே குழுமத்தைச் சேர்ந்த நிறுவனங்கள் ஒரு பொதுவான வாட் எண்ணின் கீழ் சேர முடிகிறது. அப்படிச் சேர்ந்த நிறுவனம் பழைய தனி எண்ணையே தாளில் வைத்திருந்தாலும் குழப்பம் வரும்; குழு எண் என்னவென்று அவர்களையே கேட்டு அதைச் சோதிக்க வேண்டும்.

பெயரை ஒப்பிடும்போது சட்டப்படியான பெயரைப் பாருங்கள், வணிகச் சின்னத்தை அல்ல. தாளின் மேலே பெரிய எழுத்தில் இயந்திரத்தின் பிராண்டு பெயர் இருக்கும். அடியில் சிறிய எழுத்தில் ஏதோ ஒரு பெயரும் S.r.l. அல்லது S.p.A. என்ற பின்னொட்டும் இருக்கும். எண்ணோடு பொருந்த வேண்டியது அடியில் உள்ள பெயர். தனிநபர் பட்டறையாக இருந்தால் வரித்துறை விடையில் உரிமையாளரின் சொந்தப் பெயர் வரும். அதுவும் தாளில் எங்காவது இருக்க வேண்டும். முகவரிக்கு, இத்தாலிய வணிகக் கழகங்கள் நடத்தும் நிறுவனப் பதிவேடான `registroimprese.it` தளத்தில் பெயரைத் தேடினால் பதிவு அலுவலகம் எங்கே என்பதைக் கட்டணமின்றிக் காணலாம். இயக்குநர்கள், மூலதனம் ஆகியவை அடங்கிய முழுச் சான்று வேண்டுமானால் சிறு கட்டணம் உண்டு. முதல் கொள்முதலே 18,400 யூரோ என்னும்போது அந்தக் கட்டணத்தைச் செலவழிக்கலாம் என்பது என் கருத்து.

இவ்வளவும் பொருந்திவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் பலர் கோப்பை மூடிவிடுகிறார்கள், அது எனக்குச் சரியாகப் படவில்லை. இத்தாலியச் சட்டப்படி வணிக நிறுவனங்கள் தங்கள் வாட் எண்ணைத் தங்கள் இணையதளத்தின் முகப்பில் காட்ட வேண்டும். அதாவது எந்த நல்ல நிறுவனத்தின் எண்ணையும் ஒரு மோசடிக்காரர் ஒரு நிமிடத்தில் எடுத்துத் தன் புரொஃபார்மாவில் ஒட்டிக்கொள்ளலாம். வீஸிலும் வரித்துறையிலும் அந்த எண் அழகாகச் செல்லும், பெயரும் முகவரியும் அட்சரம் பிசகாமல் பொருந்தும். அந்த எண் உயிரோடு இருக்கிறது என்பதைத்தான் சோதனை சொல்கிறது. உங்களுக்கு மின்னஞ்சல் எழுதுபவர் அந்த எண்ணின் சொந்தக்காரர் என்பதை எந்தத் தளமும் சொல்லாது. எண் செல்லும் என்ற விடையை நான் ஆரம்பத்திலேயே குறைத்து மதிப்பிட்டதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே எண்ணிலிருந்து வங்கிக் கணக்குக்கு ஒரு கயிறு கட்டியாக வேண்டும். புரொஃபார்மாவில் ஐபேன் எனப்படும் பன்னாட்டு வங்கிக் கணக்கு எண்ணைப் பாருங்கள். இத்தாலிய ஐபேன் IT என்று தொடங்கி மொத்தம் 27 குறிகளைக் கொண்டிருக்கும். அவற்றில் வங்கி, கிளை, கணக்கு ஆகியவற்றின் எண்கள் இருக்குமே தவிர வாட் எண்ணோடு தொடர்புடையது எதுவும் இராது. கணக்கு வேறொரு நாட்டில் இருப்பதால் மட்டும் அது குற்றமாகிவிடாது. இணையவழிப் பணச் சேவைகளில் கணக்கு வைத்திருக்கும் சிறு நிறுவனங்கள் உண்டு. ஆனால் கணக்கின் பெயர் நிறுவனத்தின் சட்டப்படியான பெயராக இல்லாவிட்டால், அல்லது பேச்சு தொடங்கியபோது ஒரு வங்கியும் பணம் கேட்கும் நேரத்தில் வேறு வங்கியும் இருந்தால், அந்தக் கடிதத்துக்கு மறுமொழி எழுதிச் சரிபார்க்காதீர்கள். மின்னஞ்சல் கணக்கே திருடப்பட்டிருந்தால் உங்கள் கேள்விக்கு விடையளிப்பவரும் திருடர்தான். நிறுவனத்தின் இணையதளத்திலோ பதிவேட்டிலோ இருந்து நீங்களாகவே எடுத்த தொலைபேசி எண்ணை அழைத்து, ஐபேனின் கடைசி நான்கு இலக்கங்களை அவர்களைச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் படித்துக்காட்டி ஆமாம் என்று வாங்குவதில் பயனில்லை. சென்னையில் பிற்பகல் இரண்டு மணிக்கு அழைத்தால் அங்கே அலுவலகம் திறந்திருக்கும்.

சப்ளையரிடமும் ஒன்று கேட்கலாம். வீஸில் உங்கள் எண் தெரியவில்லை, காரணம் என்ன என்று எழுதினால், உண்மையான நிறுவனம் எரிச்சல் படாது. ஒன்றியத்துக்குள் விற்பதில்லை என்பதால் பதிவு செய்யவில்லை என்றோ, பதிவு நீக்கப்பட்டதைக் கவனிக்கவில்லை என்றோ அவர்களுடைய கணக்கர் எழுதுவார். நிறுவனப் பதிவேட்டின் சான்றையும் இணைப்பார். அதற்குப் பதிலாக, இன்றே பணம் வராவிட்டால் விலை ஏறிவிடும் என்ற நெருக்கடி வந்தால் அது வேறு கதை.

இதே வேளையில் புரொஃபார்மாவின் தொகைப் பகுதியையும் ஒரு பார்வை பாருங்கள். இத்தாலியில் வாட் வழக்கமான விகிதம் 22 சதவீதம். ஆனால் இந்தியாவுக்கு ஏற்றுமதியாகும் சரக்குக்கு அது விதிக்கப்படுவதில்லை. தாளில் `non imponibile art. 8` என்பது போன்ற குறிப்பு இருந்தால் அவர்கள் அதை ஏற்றுமதியாகவே கணக்கிடுகிறார்கள் என்று பொருள். அந்த விலக்குக்கும் வீஸ் பதிவுக்கும் தொடர்பில்லை, ஆகவே வீஸில் இல்லாததால் வாட் சேர்த்திருக்கிறோம் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

அடுத்த முறை வேறு நாட்டிலிருந்து வாங்கும்போது இதே படிகளை அப்படியே பின்பற்ற முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மானிய எண்ணை வீஸில் இட்டால் செல்லும் அல்லது செல்லாது என்ற விடை மட்டும் வரும். பெயரையும் முகவரியையும் ஜெர்மனி அதில் வெளியிடுவதில்லை. அங்கே பெயரை `handelsregister.de` என்ற நிறுவனப் பதிவேட்டில்தான் தேட வேண்டும். கிரேக்க நாட்டுக்கு முன்னெழுத்து EL, நாம் எதிர்பார்க்கும் GR அல்ல. பிரிட்டனின் GB எண்கள் 2021 ஜனவரி 1 முதல் வீஸில் இல்லை. அவற்றை பிரிட்டிஷ் அரசின் `gov.uk` தளத்தில் சோதிக்க வேண்டும். வட அயர்லாந்தின் சரக்கு வணிகத்துக்கான XI எண்கள் மட்டும் வீஸில் நீடிக்கின்றன. சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லாததால் அதற்கு `uid.admin.ch` என்ற தனிப் பதிவேடு உண்டு. செல்லும் எண் ஒன்று கையில் இருப்பதால் நிறுவனம் அந்த நாட்டுடையது என்றும் முடிவு செய்துவிடக் கூடாது. அயல்நாட்டு விற்பனையாளர்களும் பிரதிநிதி மூலம் இத்தாலிய வாட் எண் பெற முடியும். அதனால்தான் தொழில்நுட்பக் கட்டணம் போன்ற சேவைகளுக்குப் பணம் அனுப்பும்போது, வரி ஒப்பந்தச் சலுகைக்காக வாட் எண்ணைக் காட்டினால் உங்கள் ஆடிட்டர் ஒப்புக்கொள்வதில்லை. வரி வசிப்பிடச் சான்றைத் தனியாகக் கேட்கிறார்.

கடைசியாக, கோப்பில் என்ன வைப்பது என்பது. வீஸ் தளத்தில் சோதனை செய்பவர் தன் சொந்த வாட் எண்ணையும் இட்டால், அந்தச் சோதனைக்கு ஒரு ஆலோசனை எண் கிடைக்கும். பின்னாளில் சோதித்ததற்கு அது சான்றாக நிற்கும். ஆனால் அந்தக் கட்டத்தில் ஒன்றிய நாட்டு எண்தான் செல்லும், நம் ஜிஎஸ்டி எண்ணுக்கு அங்கே இடமில்லை. வீஸ் அன்றைய நிலையை மட்டுமே காட்டும். சென்ற ஏப்ரலில் இந்த எண் செல்லுமா என்று பின்னோக்கிக் கேட்க முடியாது. எனவே பணம் அனுப்பும் அன்றே, தேதியும் நேரமும் தெரியும்படி இரண்டு தளங்களின் பக்கங்களையும் பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். ‘செல்லாது’ என்று காட்டிய வீஸ் பக்கத்தையும் சேர்த்தே வையுங்கள், மறைக்க வேண்டாம். ஆறு மாதம் கழித்து வேறொருவர் அதே எண்ணை வீஸில் இட்டுவிட்டுக் கேள்வி எழுப்பினால், நீங்கள் அதை முன்பே பார்த்தீர்கள், இத்தாலிய வரித்துறையிடம் கேட்டுத் தெளிந்தீர்கள், எந்த எண்ணை அழைத்து யாரிடம் ஐபேனை உறுதிசெய்தீர்கள் என்பது அந்தக் கோப்பிலேயே இருக்கும்.